ஹீட்மேப்பில் எந்தக் கட்டத்தை நம்புவது? ரொட்டி சானாயும் ரொட்டி தெலூரும் கலந்துபோகும் ஒரு மாடலை முன்வைத்து

பினாங்கின் ஜார்ஜ்டவுனில், தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் ஒரு மாமாக் கடை. கவுண்டருக்கு மேலே ஒரு கேமரா. தட்டைப் பார்த்து அதில் இருப்பது என்ன என்று சொல்லி பில்லில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை. என் நண்பர்கள் இருவர் செய்துவரும் மாடல் இது. ஆறு வகைகளைப் பிரிக்கிறது: சப்பாத்தி, முர்தபாக், புத்து மாயம் (நம் இடியாப்பம்தான்), ரொட்டி சானாய், ரொட்டி தெலூர், தோசை. தெலூர் என்பது முட்டை போட்ட சானாய். இங்கே காட்டும் எண்களைக் கணக்குப் புரிய வசதியாக உருட்டி அமைத்திருக்கிறேன். குழப்பத்தின் வடிவம் மட்டும் அந்தக் கடையில் வருவதுதான்.

```
              chap  murt  putu  canai telur thosai
chapati         51     0     0      6     1      2
murtabak         0    29     0      2     9      0
putu_mayam       0     0    19      0     0      1
roti_canai       8     2     0    370    16      4
roti_telur       0     6     0     30    44      0
thosai           5     0     1      4     0     90
```

இடப்பக்கம் இருப்பது உண்மையான வகை, மேலே இருப்பது மாடல் சொன்ன வகை. மொத்தம் 700 படங்கள். மூலைவிட்டத்தில் இருக்கும் எண்களைக் கூட்டினால் 603 வருகிறது, அதாவது 86% சரி. மீதி 97 தவறுகள் எங்கே விழுந்திருக்கின்றன என்பதைச் சொல்லத்தான் கன்ஃபியூஷன் மேட்ரிக்ஸ். அதை ஹீட்மேப்பாகப் போடும்போது வரும் தொல்லைகளை அறிகுறி வாரியாகப் பார்ப்போம்.

## அறிகுறி: படம் முழுக்க வெளிறிக் கிடக்கிறது, ஒரே ஒரு கட்டம் மட்டும் அடர்த்தி

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். மேலே உள்ள அட்டவணையை அப்படியே `sns.heatmap(cm)` என்று போட்டால் 370 உள்ள கட்டம் மட்டும் துருத்திக்கொண்டு தெரியும். மற்றவை எல்லாம் ஏறத்தாழ ஒரே நிறம். நிறம் 0 முதல் 370 வரை பரவுகிறது. அதில், தெலூரைச் சானாய் என்று சொன்ன 30 என்பது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கடைக்கு நட்டம் வைக்கும் கட்டம் அதுதான், ஆனால் கண்ணுக்கு அது 9 அல்லது 6 உள்ள கட்டத்திலிருந்து வேறுபட்டே தெரியாது.

காரணம் மாடலில் இல்லை. டெஸ்ட் படங்களில் பாதிக்கு மேல், 400 படங்கள், ரொட்டி சானாய். காலையில் அந்தக் கடையில் உட்கார்ந்து பார்த்தால் வியப்பே வராது, விற்பதே அப்படித்தான். ஆனால் ஹீட்மேப் அந்த விற்பனை அளவைத்தான் நிறமாகக் காட்டுகிறது, குழப்பத்தை அல்ல.

தீர்வு, ஒவ்வொரு வரிசையையும் அந்த வரிசையின் கூட்டுத்தொகையால் வகுப்பது. ரொட்டி தெலூர் வரிசையில் 80 படங்கள். அதில் 30 சானாயாகப் போயின, 37.5%. சானாய் வரிசையில் 400 படங்கள். அதில் 16 தெலூராகப் போயின, 4%. இப்போதுதான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேச முடிகிறது.

வகுத்த பிறகும் ஒரு தொல்லை பாக்கி இருக்கும். மூலைவிட்டத்தில் 0.95, 0.925, 0.9 என்று பெரிய மதிப்புகள் நிறத்தின் மேல்பாதியை எடுத்துக்கொள்ளும். தவறுகள் எல்லாம் கீழ்க்கோடியில் நெருக்கிக்கொண்டு நிற்கும். நாம் தேடுவது தவறுகளை என்பதால், நிறத்துக்கு மட்டும் மூலைவிட்டத்தைச் சுழியாக்கிவிடலாம். எண்களை மட்டும் பழையபடி காட்டலாம்:

```python
cm = confusion_matrix(y_true, y_pred, labels=range(len(names)))
rate = cm / cm.sum(axis=1, keepdims=True)
off = rate.copy()
np.fill_diagonal(off, 0)

sns.heatmap(off, annot=cm, fmt='d', cmap='Blues',
            xticklabels=names, yticklabels=names)
```

நிறம் விகிதத்தைச் சொல்கிறது, உள்ளே எழுதியிருப்பது படங்களின் எண்ணிக்கை. இந்த இரண்டையும் ஒரே படத்தில் வைப்பது எனக்குப் பிடித்த ஏற்பாடு. விகிதத்தை மட்டும் எழுதினால் 5% என்பது ஐந்து படமா ஒரு படமா என்று தெரியாமல் போய்விடும். அது ஏன் முக்கியம் என்று கீழே வருகிறது.

போகிற போக்கில் ஒன்று. கட்டத்துக்குள் 370 என்று வராமல் `3.7e+02` என்று வந்தால் பயப்பட வேண்டாம். சீபார்ன் `fmt` கொடுக்காதபோது `.2g` என்று எடுத்துக்கொள்வதால் வருவது அது. முழு எண்களுக்கு `fmt='d'`, விகிதத்தையே எழுதுவதானால் `fmt='.2f'`. மாற்றிக் கொடுத்தால், அதாவது தசம எண்களுக்கு `'d'` கொடுத்தால், பிழை காட்டி நின்றுவிடும்.

## அறிகுறி: "சானாயைத்தான் தெலூர் என்கிறது" என்று ஒருவர், "இல்லை, தலைகீழ்" என்று இன்னொருவர்

இருவரும் ஒரே படத்தைப் பார்த்துக்கொண்டே இப்படிச் சண்டை போடுவார்கள். வரிசை எது, நெடுவரிசை எது என்பதற்கு உலகம் முழுக்க ஒரே வழக்கம் கிடையாது. சைக்கிட்-லேர்னிலும் டென்சர்ஃப்ளோவிலும் வரிசை உண்மை, நெடுவரிசை கணிப்பு. மேட்லாபில் `plotconfusion` போட்டால் வரிசை கணிப்பு, நெடுவரிசை உண்மை. அதே மேட்லாபில் `confusionchart` போட்டால் மறுபடியும் வரிசைதான் உண்மை. பாடப்புத்தகங்களிலும் இரண்டு விதமும் உண்டு. அது போதாதென்று, `confusion_matrix(y_pred, y_true)` என்று கை தவறி மாற்றி எழுதினாலும் எந்தப் பிழையும் வராது. படம் அழகாகத்தான் வரும், திசை மட்டும் திரும்பியிருக்கும்.

அச்சில் எழுதியிருக்கும் பெயரை நம்ப வேண்டாம். அதை எழுதியவர் நாம்தானே. கூட்டிப் பாருங்கள்:

```python
print(cm.sum(axis=1))
```

இது `[60 40 20 400 80 100]` என்று வர வேண்டும். டெஸ்ட் ஃபோல்டர்களில் ஒவ்வொரு வகைக்கும் நீங்கள் வைத்திருக்கும் படங்களின் எண்ணிக்கை இதுதான். `[64 37 20 412 70 97]` என்று வந்தால் நீங்கள் கூட்டியது மாடல் சொன்னவற்றை, மேட்ரிக்ஸ் திரும்பிக் கிடக்கிறது. ஃபோல்டரில் இருப்பது நமக்குத் தெரிந்த உண்மை. அதோடு பொருந்தும் பக்கம்தான் உண்மையின் பக்கம்.

அதே சோதனை இன்னொரு கோளாறையும் பிடித்துக் கொடுக்கும். டெஸ்டில் ஒரு வகைக்குப் படமே இல்லை, மாடலும் அதை ஒருமுறைகூடச் சொல்லவில்லை என்றால், சைக்கிட்-லேர்ன் அந்த வகையைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு ஐந்துக்கு ஐந்து மேட்ரிக்ஸ் கொடுக்கும். ஆறு பெயர்களை நாம் ஒட்டும்போது ஒரு வகைக்குப் பிறகு எல்லாப் பெயரும் ஒரு கட்டம் தள்ளி உட்கார்ந்துவிடும். மேலே கோடில் `labels=` கொடுத்திருப்பது இதற்காகத்தான். அதைக் கொடுத்தால் படம் இல்லாத வகைக்கும் சுழி வரிசை வரும். அந்த வரிசையை வகுக்கும்போது `nan` வரும், அதுவும் நல்லதுதான். கட்டம் வெறுமையாகத் தெரிந்தால் விஷயம் புரிந்துவிடும்.

திசை நிச்சயமான பிறகு கேள்வியும் மாறுகிறது. வரிசையால் வகுத்தால், "வாடிக்கையாளர் தெலூர் வாங்கினால் பில்லில் என்ன வரும்?" என்பதற்குப் பதில்: 55% தெலூர், 37.5% சானாய், மீதி முர்தபாக். நெடுவரிசையால் வகுத்தால், "பில்லில் தெலூர் என்று வந்தால் தட்டில் உண்மையில் என்ன இருக்கும்?" என்பதற்குப் பதில். தெலூர் என்று மாடல் சொன்னது 70 முறை. அதில் 44 சரி, கிட்டத்தட்ட 63%. முதல் கேள்வி முதலாளி கேட்பது. இரண்டாவது, கூடுதல் காசு கட்டிய வாடிக்கையாளர் கேட்பது. இரண்டுக்கும் ஒரே ஹீட்மேப்பைக் காட்டிப் பதில் சொல்லப் போனால் ஒருவரிடம் பொய் சொன்னதாகிவிடும்.

## அறிகுறி: ஒரு நெடுவரிசை மேலிருந்து கீழ்வரை அடர்ந்து நிற்கிறது

மேலே உள்ள அட்டவணை போல இல்லாமல், சில ஓட்டங்களில் வரிசையால் வகுத்த ஹீட்மேப்பில் சானாய் நெடுவரிசை முழுக்க ஒரே அடர்த்தியாக வரும். தோசையும் சானாய், இடியாப்பமும் சானாய். பார்த்தவுடன் எல்லாரும் சொல்வது: "சானாய் படம் அதிகம், மாடல் சோம்பேறித்தனமாக எல்லாவற்றையும் சானாய் என்கிறது." சில நேரம் அது உண்மைதான். ஆனால் அதே படம் இன்னொரு காரணத்தாலும் வரும், அப்போது மாடல் மீது ஒரு குற்றமும் இருக்காது.

கெராஸில் `image_dataset_from_directory` தானாகவே படங்களைக் கலைத்துத்தான் கொடுக்கும், `shuffle` அதன் இயல்பில் `True`. டெஸ்ட் படங்களுக்கும் அப்படியே விட்டுவிட்டு, ஒரு சுற்றில் உண்மை லேபிள்களை எடுத்து, அடுத்த சுற்றில் `model.predict` ஓட்டினால், இரண்டு சுற்றிலும் படங்களின் வரிசை வேறு. முதல் படத்தின் லேபிளுக்கு நேராக வேறு ஏதோ படத்தின் கணிப்பு வந்து உட்காரும். சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட்டது மாதிரி ஒவ்வொரு வரிசையிலும் மொத்தக் கணிப்புகளின் அதே விகிதம் விழும். கணிப்புகளில் 700க்கு 412 சானாய் என்பதால், எந்த வரிசையை எடுத்தாலும் ஏறக்குறைய 59% சானாய் நெடுவரிசையில்.

பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. மேட்ரிக்ஸிலிருந்து சரிவிகிதத்தைக் கணக்கிட்டு, `model.evaluate` சொல்லும் சரிவிகிதத்தோடு ஒப்பிடுங்கள்:

```python
print(np.trace(cm) / cm.sum())
```

`evaluate` ஒவ்வொரு படத்தையும் அதன் லேபிளோடு சேர்த்தே எடுத்துப் பார்ப்பதால் கலைத்தல் அதைப் பாதிக்காது. அது 0.86 என்றும் மேட்ரிக்ஸ் 0.38 பக்கம் என்றும் சொன்னால், லேபிளும் கணிப்பும் இணை பிரிந்துவிட்டன. 0.38 எங்கிருந்து வந்தது? நம் எண்களை வைத்து, வரிசைப் பங்கையும் நெடுவரிசைப் பங்கையும் வகைக்கு வகை பெருக்கிக் கூட்டினால் வருவது, வெறும் தற்செயலால் கிடைக்கும் சரிவிகிதம். டெஸ்டுக்கு `shuffle=False` கொடுத்து மறுபடியும் ஓட்டினால் மூலைவிட்டம் திரும்பி வந்துவிடும்.

இரண்டும் ஒரே எண்ணைச் சொன்னால் அப்போது மாடலைச் சந்தேகிக்கலாம். அப்படி உண்மையிலேயே சானாய் பக்கம் சாய்ந்த மாடலிலும் ஒரு வித்தியாசம் தெரியும்: வரிசைகள் ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. சப்பாத்தி அதிகம் சாயும், இடியாப்பம் கொஞ்சம்தான் சாயும். இடியாப்பமும் சப்பாத்தியும் ஒரே அளவுக்குச் சானாயாகத் தெரிந்தால், அது கண் பார்த்துச் செய்த தவறு அல்ல.

## அறிகுறி: பட்டியலில் மேலே வரும் ஜோடிகள் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறுகின்றன

ஆறு வகை என்றால் கண்ணால் தேடலாம். முப்பது வகை வந்துவிட்டால் தவறு விழக்கூடிய கட்டங்களே 870, கண் தோற்றுவிடும். அதனால் பட்டியலாக எடுப்பதே நல்லது:

```python
for k in off.ravel().argsort()[::-1][:4]:
    i, j = divmod(k, len(names))
    print(names[i], '->', names[j], cm[i, j], round(off[i, j], 3))
```

```
roti_telur -> roti_canai 30 0.375
murtabak -> roti_telur 9 0.225
chapati -> roti_canai 6 0.1
roti_telur -> murtabak 6 0.075
```

எண்ணிக்கையால் அடுக்கியிருந்தால் இரண்டாவது இடத்தில் சானாய் தெலூராவது (16 படங்கள்) வந்திருக்கும். விகிதத்தால் அடுக்கும்போது அது இந்த நான்கில் இல்லவே இல்லை, எட்டாவது இடத்துக்குப் பக்கம் போய்விட்டது. அதற்குப் பதிலாக முர்தபாக் மேலே வந்துவிட்டது.

இதற்குக் கீழே 5% என்று மூன்று கட்டங்கள் சமமாக நிற்கின்றன. அதில் தோசை சப்பாத்தியாவதும் இடியாப்பம் தோசையாவதும் உண்டு. ஹீட்மேப்பில் இரண்டும் ஒரே நிறம். ஆனால் முதலாவது 100 படத்தில் 5, இரண்டாவது 20 படத்தில் 1. வில்சன் முறையில் 95% இடைவெளி கணக்கிட்டால், தோசைக்கு உண்மையான விகிதம் ஏறக்குறைய 2% முதல் 11% வரை இருக்கலாம். இடியாப்பத்துக்கு 1% முதல் 24% வரை. அந்த ஒரு படம் இந்த டெஸ்டில் இல்லாமல் போயிருந்தால் கட்டமே சுழி. பட்டியல் மாறிக்கொண்டே இருப்பது இப்படிப்பட்ட கட்டங்களால்தான். ஐந்து படத்துக்குக் கீழே இருக்கும் கட்டங்களைப் பட்டியலிலிருந்து தள்ளி வைத்துவிட்டு, அந்த வகைக்கு இன்னும் படம் சேருங்கள். இதைப் பற்றி இதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை.

## அறிகுறி: குழப்பம் ஒரு பக்கம் மட்டும் ஓடுகிறது

இப்போதுதான் உண்மையான வேலை. தெலூர் சானாயாவது 37.5%. சானாய் தெலூராவது 4%. ஒரு ஜோடி இப்படி ஒருபக்கமாக ஓடுவதும், இரண்டு பக்கமும் சமமாக ஓடுவதும் வெவ்வேறு நோய்கள். அதனால் ஜோடியைக் கூட்டி "இந்த இரண்டும் குழம்புகின்றன" என்று ஒரே எண்ணாகச் சொல்லும் வழக்கம் எனக்கு ஒத்துவருவதில்லை. சிகிச்சைக்குத் தேவையான தகவலே அதில் தொலைந்துவிடுகிறது.

ஒருபக்க ஓட்டத்துக்குச் சாதாரணமாக மூன்று காரணங்கள் இருக்கும். படத்தில் வேறுபாடே தெரியவில்லை, அதனால் மாடல் எண்ணிக்கை அதிகம் உள்ள வகைக்குச் சாய்கிறது. அல்லது வேறுபாடு தெரிகிறது, ஆனால் மாடல் அதை அரைகுறையாகத்தான் கற்றிருக்கிறது. அல்லது லேபிளே தப்பு. மூன்றையும் ஹீட்மேப் ஒரே நிறத்தில்தான் காட்டும். பிரிக்க வேண்டுமானால் அந்த 30 படங்களையும் திறக்கத்தான் வேண்டும். திறக்கும் முன், மாடல் தெலூருக்குக் கொடுத்த நிகழ்தகவின்படி அடுக்கிக்கொள்ளுங்கள்:

```python
mask = (y_true == 4) & (y_pred == 3)
order = np.argsort(prob[mask, 4])
for p in np.array(paths)[mask][order]:
    print(p)
```

4 என்பது தெலூர், 3 என்பது சானாய். ஃபோல்டர் பெயர்கள் அகரவரிசையில் எண்ணப்படுவதால் வரும் எண்கள் இவை.

பட்டியலின் தலைப்பகுதியில் தெலூருக்கு 0.01, 0.02 என்று கிடைத்த படங்கள் வரும். மாடல் துளியும் தயங்காமல் சானாய் என்று சொன்னவை. இங்கே லேபிளைச் சந்தேகியுங்கள். அந்தக் கடையில் லேபிள் போட்டது பில்லைப் பார்த்து. மேசைக்கு ஒரு சானாயும் ஒரு தெலூரும் போயிருக்கும், இரண்டு தட்டின் படமும் அடுத்தடுத்து இருக்கும், ஆர்டர் வரிசையும் தட்டு வந்த வரிசையும் மாறியிருக்கும். அப்படி மாறியிருந்தால் அதற்கு எதிர்த்திசைத் தவறும் கிடைக்க வேண்டும்: அதே மேசையின் சானாய் லேபிள் போட்ட படம் தெலூர் என்று கணிக்கப்பட்டிருக்கும். சானாய் தெலூரான 16 படங்களில் அந்த ஜோடியைத் தேடுங்கள். இருந்தால் லேபிள் தவறு உறுதி, மாடலைத் தொட வேண்டாம், லேபிளை மாற்றினால் போதும்.

பட்டியலின் அடிப்பகுதியில் 0.4, 0.45 என்று மயிரிழையில் தோற்ற படங்கள். தட்டில் ரொட்டி நன்றாகவே தெரியும். ரொட்டி போடுபவரிடம் இந்தப் படங்களைக் காட்டியபோது அவர் இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டார்: "சானாயை இறக்கினதும் ரெண்டு கையாலயும் தட்டுவோம் தம்பி, அடுக்கு பிரிஞ்சு உதிரியா நிக்கும். முட்டை போட்டதைத் தட்டினா நாசமாப் போயிடும், அது சதுரமா மடிச்சபடியே படுத்திருக்கும்." ஆக, பார்க்க வேண்டியது ஓரம். அடுக்குகள் பிரிந்து சுருண்டிருந்தால் சானாய், மடிப்பு ஒட்டிக்கொண்டு தடித்திருந்தால் தெலூர். இந்த நுணுக்கம் படத்தை 128க்கு 128 பிக்சலாகச் சுருக்கும்போது கரைந்துபோக வாய்ப்பு அதிகம். அளவைக் கூட்டிப் பார்ப்பதும், தட்டை மட்டும் வெட்டி எடுத்துக் கொடுப்பதும், தெலூருக்குப் பயிற்சிப் படங்கள் சேர்ப்பதும் பலன் தரக்கூடிய இடம் இந்தப் பகுதிதான்.

நடுவில் ஒரு கூட்டம் இருக்கும், 0.1 முதல் 0.2 வரை. இவைதான் எனக்கு மிகவும் சுவாரசியமானவை. திறந்து பார்த்தால் பெரும்பாலும் பாஞ்சிர். ரொட்டியைப் பிய்த்துப் போட்டு மேலே தால்சாவும் கறிக்குழம்பும் வெள்ளமாக ஊற்றியது. உள்ளே முட்டை இருக்கிறதா இல்லையா என்று நமக்கே தெரியாது, கடைக்காரர் பாய் வந்து பார்த்தாலும் தெரியாது. இப்போது கணக்கைப் பாருங்கள். சானாய் 400, தெலூர் 80. படத்திலிருந்து ஒரு தடயமும் கிடைக்காதபோது தெலூராக இருக்க வாய்ப்பு 480ல் 80, ஆறில் ஒன்று, அதாவது 0.17. மாடல் கொடுத்ததும் அதன் அக்கம்பக்கம்தான். தெரியாத இடத்தில் தெரியாது என்று எவ்வளவு சரியாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு சரியாகச் சொல்லியிருக்கிறது. நரம்பு வலைப்பின்னல் மாடல்கள் பொதுவாகத் தங்கள் பதிலில் மிகை நம்பிக்கை காட்டுபவை என்பதால் இந்த எண்களைக் கறாராக எடுக்கக் கூடாது. உங்கள் மாடலில் இந்தக் கூட்டம் 0.05ல் உட்கார்ந்திருக்கலாம். அடுக்கிப் பார்த்தால் கூட்டம் கூட்டமாகப் பிரிகிறதா என்பதே பார்க்க வேண்டியது.

பாஞ்சிர் கூட்டத்துக்கு எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் பயன் இல்லை. குழம்பு ஊற்றும் முன் படம் எடுக்க கேமராவை ரொட்டிக் கல்லின் பக்கம் மாற்ற வேண்டும், அல்லது பாஞ்சிர் என்று ஒரு தனி வகை வைத்து அதற்கு மட்டும் கவுண்டரில் ஆளைக் கேட்கச் சொல்ல வேண்டும். நண்பர்கள் இரண்டாவதைத் தேர்ந்தார்கள். கேமராவைக் கல்லின் பக்கம் வைத்தால் எண்ணெய்ப் புகையில் லென்ஸ் என்ன ஆகும் என்று யோசித்தால் எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

முர்தபாக் விஷயம் வேறு. அது தெலூராகப் போனது 22.5%, 40 படங்களில் 9. இரண்டும் சதுரமாக மடித்தவை, உள்ளே முட்டை, மேலே பொன்னிறம். முர்தபாக்கில் கறியும் வெங்காயமும் சேர்ந்து கனமாக இருக்கும், அந்தக் கனம் நேர் மேலிருந்து பார்க்கும் கேமராவுக்குத் தெரியாது. அப்படியானால் மற்ற 29 முர்தபாக்கை மாடல் எப்படிக் கண்டுபிடித்தது? பக்கத்தில் வைக்கும் ஊறவைத்த சிவப்பு வெங்காயத்தை வைத்து என்று சந்தேகப்படுகிறேன். இந்தச் சந்தேகத்தைச் சோதிப்பது எளிது. சரியாகக் கணித்த முர்தபாக் படங்களில் வெங்காயம் இருக்கும் மூலையைச் சாம்பல் நிறத்தால் மறைத்து மறுபடியும் ஓட்டுங்கள். தெலூர் என்று மாறினால் மாடல் பார்த்துக்கொண்டிருந்தது வெங்காயத்தை. தவறான ஒன்பதையும் திறந்து பாருங்கள், வெங்காயம் வேண்டாம் என்றவர்களின் தட்டுகள் அதில் எத்தனை என்று. இதை ஹீட்மேப் ஒருநாளும் சொல்லாது. மூலைவிட்டத்தில் இருக்கும் 29 என்ற எண் நல்ல பிள்ளையாகத்தான் நிற்கும்.

## அறிகுறி: சரி செய்த பிறகு வேறொரு கட்டம் அடர்கிறது

தெலூருக்குப் படங்கள் சேர்த்தோ `class_weight` கூட்டியோ மறுபடியும் பயிற்சி கொடுத்தால் 30 குறையும். பெரும்பாலும் 16 கூடும். இரண்டு வகைக்கும் நடுவே மாடல் போடும் எல்லைக்கோட்டைச் சானாய் பக்கம் தள்ளினால் அந்தப் பக்கம் இருப்பவை மாட்டத்தான் செய்யும். விகிதத்தில் பார்த்தால் இலாபம் போலத் தெரியும்: தெலூரில் 10 படங்களை மீட்டால் 37.5% என்பது 25% ஆகும், சானாயில் 20 படங்களை இழந்தால் 4% என்பது 9% ஆகும். ஹீட்மேப்பில் நிறம் இளகிவிட்டது. ஆனால் இந்த 700 படங்களில் இந்த ஜோடியால் வரும் தவறான பில்கள் 46லிருந்து 56 ஆகிவிட்டன.

இந்த இடத்தில் வரிசையால் வகுத்த படத்தை ஓரமாக வைத்துவிட்டு எண்ணிக்கைக்குத் திரும்ப வேண்டும். குழப்பம் எங்கே என்று தேட விகிதம், மாற்றம் கடைக்கு நல்லதா என்று முடிவெடுக்க எண்ணிக்கை. அதிலும் இரண்டு தவறும் ஒரே விலை அல்ல. தெலூரைச் சானாய் என்று போட்டால் முட்டைக் காசு போகும், யாரும் குரல் எழுப்ப மாட்டார்கள். சானாயைத் தெலூர் என்று போட்டால் கவுண்டரில் சத்தம் வரும், வரிசை நிற்கும். பாயிடம் கேட்டால், முட்டைக் காசு போனாலும் பரவாயில்லை, சத்தம் வேண்டாம் என்பார். அப்படியென்றால் தெலூர் என்று பில்லில் ஏற்ற 0.5க்கு மேல், ஒரு 0.7 இருந்தால்தான் ஏற்று, இல்லாவிட்டால் ஆளைக் கேள் என்று வைக்கலாம். மாடலுக்கு மறுபயிற்சியே தேவையில்லை.

பழைய மாடலையும் புதியதையும் ஒப்பிடும்போது அதே 700 படங்களில், அதே நிற அளவில் போடுங்கள், `vmin=0, vmax=0.4` என்று இரண்டுக்கும் கொடுத்து. கொடுக்காவிட்டால் சீபார்ன் ஒவ்வொரு படத்துக்கும் அதனதன் பெரிய மதிப்பை அடர் நிறமாக்கும். 37.5% இருந்த கட்டமும் 25% ஆன கட்டமும் ஒரே நீலத்தில் நிற்கும், எதுவும் மாறவில்லை என்று நினைத்துக்கொள்வீர்கள். லேபிள்களைத் திருத்தியிருந்தால் பழைய மாடலையும் திருத்திய லேபிள்களோடு ஒருமுறை ஓட்டிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். இல்லாவிட்டால் லேபிள் திருத்தியதால் வந்த முன்னேற்றம் புது மாடலின் கணக்கில் ஏறிவிடும்.